பாதி ஆண்டு உழைத்தவருக்கும் பதின்மூன்றாம் மாதம் உண்டு

பிலிப்பைன்ஸில் தனியார் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் டிசம்பர் 24-ம் தேதிக்குள் தன் ஊழியர்களுக்குப் பதின்மூன்றாம் மாத ஊதியத்தைக் கொடுத்து முடிக்க வேண்டும். இது சட்டம். நிறுவனத்துக்கு லாபம் வந்ததா, முதலாளிக்கு மனம் இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சட்டத்தில் சிக்கல் எதுவும் வருவதில்லை. மார்ச்சில் சேர்ந்து அக்டோபரில் விலகியவர், ஐந்து மாத ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், தவறு செய்ததாகச் சொல்லி நீக்கப்பட்டவர் என்று ஆண்டின் ஒரு பகுதி மட்டும் உழைத்தவர்களிடம்தான் சிக்கல் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரும்போது இவர்கள் பெயர் எந்தப் பணியாளர் பட்டியலிலும் இருப்பதில்லை. இவர்களுக்கு என்ன கொடுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு ஒரு நாடு சொல்லும் பதில், பதின்மூன்றாம் மாதத்தை அந்த நாடு என்னவாகக் கருதுகிறது என்பதைக் காட்டிவிடும். பண்டிகை அன்பளிப்பு என்றால், பண்டிகையன்று பணியில் இருப்பவருக்குக் கொடுத்தால் போதும். உழைத்துச் சேர்த்த ஊதியத்தின் ஒரு பகுதி என்றால், இடையில் போனவருக்கும் அவர் பங்கைக் கணக்கிட்டுக் கொடுத்தாக வேண்டும். பிலிப்பைன்ஸ் இரண்டாவது வழியில் நிற்கிறது. அந்த வழியே சரியானது என்பதும், அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு என்பதும் என் கருத்து.

விலைவாசியில் பிறந்த சட்டம்

அதிபர் பெர்டினாண்ட் மார்கோஸ் 1975 டிசம்பர் 16 அன்று பிறப்பித்த 851-ம் எண் ஆணைதான் இதன் தொடக்கம். ராணுவச் சட்டம் அமலில் இருந்த காலம் அது. உலகமெங்கும் விலைவாசி ஏறிக்கொண்டிருக்கிறது, 1970-க்குப் பிறகு குறைந்தபட்ச ஊதியம் உயர்த்தப்படவே இல்லை, கிறிஸ்துமஸ் காலத்திலாவது உழைக்கும் மக்கள்மீது சமூகம் அக்கறை காட்ட வேண்டும் என்று ஆணையின் முகப்பே காரணம் சொல்கிறது. உயராமல் கிடந்த கூலிக்கு ஈடாக வந்த தொகை இது. பண்டிகை, அதைக் கொடுப்பதற்கான தேதி மட்டுமே.

மாதம் 1,000 பெசோவுக்கு மேல் வாங்காதவர்களுக்கு மட்டும் என்றுதான் அன்றைய ஆணை இருந்தது. மார்கோஸ் ஆட்சி வீழ்ந்த பின், 1986 ஆகஸ்டில் அதிபர் கொரசோன் அக்கினோ அந்த வரம்பை நீக்கினார். அடுத்த ஆண்டு நவம்பரில் தொழிலாளர் துறை திருத்திய வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. நிர்வாகப் பொறுப்பில் இல்லாத எந்த ஊழியரும், மாதச் சம்பளமோ நாள் கூலியோ உருப்படிக் கூலியோ எப்படி வாங்கினாலும், அந்த ஆண்டில் ஒரு மாதமாவது வேலை செய்திருந்தால் பதின்மூன்றாம் மாத ஊதியத்துக்கு உரியவர் என்று அவ்விதிகள் சொல்கின்றன. 2013-ல் வந்த வீட்டுப் பணியாளர் சட்டம் இந்த உரிமையை வீட்டு வேலை செய்பவர்களுக்கும் கொண்டுபோனது.

பன்னிரண்டால் வகுப்பது ஏன்?

கணக்கு ஒரே வரிதான். ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டில் அந்த நிறுவனத்தில் ஊழியர் ஈட்டிய மொத்த அடிப்படை ஊதியத்தை 12-ஆல் வகுக்க வேண்டும். முழு ஆண்டு உழைத்தவருக்கும் மூன்று மாதம் உழைத்தவருக்கும் அதே 12-தான். பகுதி ஆண்டுக்கெனத் தனிச் சூத்திரம் கிடையாது. குறைவாக உழைத்தவரின் மொத்த ஊதியம் குறைவாக இருப்பதால் விடையும் தானாகவே குறைந்துவிடும்.

இந்த எளிமைக்குள் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்தால் ஊழியரை நிரந்தரமாக்க வேண்டும். அதைத் தவிர்க்க, ஐந்தாவது மாதத்திலேயே ஒப்பந்தத்தை முடித்து அனுப்பிவிடும் வழக்கம் பெருகியது. தொழிலாளர்கள் இதை ‘எண்டோ’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். ஒரு கடைப் பணியாளர் ஜனவரி முதல் மே வரை ஓரிடத்திலும், ஜூலை முதல் நவம்பர் வரை இன்னோரிடத்திலும் மாதம் 15,000 பெசோவுக்கு வேலை செய்கிறார் என்று கொள்வோம். ஒவ்வோரிடத்திலும் அவர் ஈட்டியது 75,000. அதை 12-ஆல் வகுத்தால் 6,250. இரண்டு முதலாளிகளும் கொடுப்பதைக் கூட்டினால் 12,500 பெசோ. ஒரே இடத்தில் பத்து மாதம் இருந்திருந்தாலும் இதே தொகைதான் கிடைத்திருக்கும். எத்தனை முறை துரத்தப்பட்டாலும், உழைத்த மாதத்துக்கான பங்கு அவரைவிட்டுப் போவதில்லை. ஆண்டின் இறுதியில் பணியில் இருந்தால்தான் கிடைக்கும் என்று விதி இருந்திருந்தால், மே மாதத்தில் ஆளை அனுப்பும் முதலாளிக்கு அது இன்னொரு லாபமாகியிருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

மணிலாவில் ஒரு கால் சென்டரில் மார்ச் 16 அன்று ஒரு பெண் வேலையில் சேர்கிறார். அடிப்படை ஊதியம் மாதம் 18,000 பெசோ. ஜூனில் மூன்று நாள் ஊதியமில்லா விடுப்பு எடுத்ததால் 2,400 பெசோ பிடிக்கப்படுகிறது. ஆகஸ்டில் ஊதியம் 20,000 ஆகிறது. அக்டோபர் 15-ம் தேதியுடன் அவர் விலகிவிடுகிறார்.

மார்ச்சின் பின்பாதிக்கு அவர் ஈட்டியது 9,000. ஏப்ரல், மே இரண்டுக்கும் சேர்த்து 36,000. ஜூனில் 15,600, ஜூலையில் 18,000. ஆகஸ்ட், செப்டம்பருக்கு 40,000. அக்டோபரின் முன்பாதிக்கு 10,000. மொத்தம் 1,28,600 பெசோ. இதை 12-ஆல் வகுத்தால் 10,716 பெசோ 67 சென்டாவோ. அவருக்குச் சேர வேண்டியது இதுதான். அவர் இரவுப் பணிக்கும் மிகைநேர வேலைக்கும் தனியாக வாங்கிய பணமும், அரிசிப் படி போன்ற படிகளும் இந்தக் கணக்கில் சேராது. அடிப்படை ஊதியத்தை மட்டுமே விதி எடுத்துக்கொள்கிறது.

இதில் தவறுகள் எங்கே நுழைகின்றன? முதல் தவறு, சேர்ந்த மாதத்தையும் விலகிய மாதத்தையும் முழு மாதங்கள் அல்ல என்று தள்ளிவிடுவது. அப்படிச் செய்து, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதத்தை மட்டும் எடுத்து, சேர்ந்தபோது இருந்த 18,000-ஐ வைத்துக் கணக்கிட்டால் 9,000 பெசோதான் வரும். அந்தப் பெண் 1,716 பெசோவை இழப்பார். விதி மாதங்களை எண்ணச் சொல்லவில்லை, ஈட்டிய ஊதியத்தைக் கூட்டச் சொல்கிறது. அரை மாதத்தின் ஊதியமும், இடையில் வந்த உயர்வும் அந்தக் கூட்டலுக்குள் தாமாக வந்துவிடும்.

இரண்டாவது தவறு ஊழியர் பக்கத்தில் நேர்வது. ஏழு மாதம் உழைத்தேன், எனவே மொத்தத்தை ஏழால் வகுத்து 18,371 பெசோ தர வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். அது ஏழு மாத உழைப்புக்கு முழு ஆண்டின் பலனைக் கேட்பதாகும். சட்டம் அதைத் தரவில்லை. மூன்றாவதாக, ஆண்டின் நடுவில் பாதித் தொகையை முன்னதாகக் கொடுத்துவிட விதியே அனுமதிக்கிறது. அப்படி வாங்கியிருந்தால் கடைசிக் கணக்கில் அது கழிக்கப்படும். அந்தக் கழிவைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

சரிபார்க்க எளிய வழி உண்டு. கையில் வந்த தொகையை 12-ஆல் பெருக்க வேண்டும். அந்த ஆண்டின் சம்பளச் சீட்டுகளில் உள்ள அடிப்படை ஊதியங்களின் கூட்டுத்தொகையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எந்த மாதம் விடுபட்டது என்பதைச் சீட்டுகளே காட்டிவிடும். இதற்காகவே, விலகும் நாளுக்கு முன் எல்லாச் சீட்டுகளையும் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம். விலகிய பின் நிறுவனத்தின் இணையக் கணக்குக்குள் நுழையும் வழி பெரும்பாலும் அடைக்கப்பட்டுவிடும்.

எப்படி விலகினார் என்பது பொருட்டில்லை

பிலிப்பைன்ஸ் விதியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தானாக விலகியவரும் நீக்கப்பட்டவரும் அங்கே ஒன்றே. ஆண்டில் வேலை தொடங்கிய நாளிலிருந்து உறவு முடிந்த நாள் வரைக்குமான பங்கு இருவருக்கும் உண்டு. டிசம்பர் வரை காத்திருக்கவும் வேண்டாம், வேலை முடிந்ததுமே கேட்கலாம்.

பிரேசிலுடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே 1962-ல் ஜோவாவ் குலார்ட் அதிபராக இருந்தபோது பதின்மூன்றாம் சம்பளச் சட்டம் வந்தது. ஒரு மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ உழைத்திருந்தால் அது முழு மாதமாகவே எண்ணப்படும். மணிலா பெண்ணின் கணக்கை அங்கே போட்டால் மார்ச்சும் அக்டோபரும் முழு மாதங்களாகி, விலகும்போது இருந்த ஊதியத்தில் பன்னிரண்டில் எட்டுப் பங்கு கிடைக்கும். 20,000-க்கு அது 13,333. கணக்கில் பிரேசில் தாராளமாக இருக்கிறது. ஆனால், கடுமையான குற்றத்துக்காக நீக்கப்பட்டவர் அந்த ஆண்டின் பங்கை அங்கே முழுவதுமாக இழக்கிறார். செப்டம்பரில் செய்த தவறு, பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஒழுங்காக உழைத்துச் சேர்த்ததையும் சேர்த்து அழித்துவிடுகிறது. குற்றத்துக்கு வேலை போவது தண்டனை. ஏற்கெனவே உழைத்து முடித்த நாள்களின் ஊதியத்தைப் பறிப்பது அதற்கு மேல் இன்னொரு தண்டனை. பிலிப்பைன்ஸ் அந்த இரண்டாவது தண்டனையை மறுப்பது சரியான நிலை.

சட்டம் தவறும் இடங்கள்

பிலிப்பைன்ஸ் சட்டத்திலும் குறைகள் உண்டு. அடிப்படை ஊதியத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால், அடிப்படையைச் சிறிதாகவும் படிகளைப் பெரிதாகவும் அமைக்கும் நிறுவனம் பதின்மூன்றாம் மாதத்தைச் சுருக்கிவிட முடிகிறது. பேறுகால விடுப்பில் சமூகப் பாதுகாப்பு அமைப்பு கொடுக்கும் தொகை அடிப்படை ஊதியமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே, குழந்தை பெற்ற ஆண்டிலேயே ஒரு தாயின் பதின்மூன்றாம் மாதம் குறைந்துபோகிறது. அதிகமாகத் தேவைப்படும் ஆண்டில் அது குறைவது நியாயமல்ல.

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குச் சட்டம் இந்த உரிமையைத் தருவதில்லை. கொள்கை வகுக்கும் அதிகாரமோ ஆளைச் சேர்க்கவும் நீக்கவும் அதிகாரமோ உள்ளவரே நிர்வாகி. பத்துப் பேர் குழுவைப் பார்த்துக்கொள்பவருக்கு ‘மேலாளர்’ என்று பட்டம் கொடுத்துவிட்டால் அவர் நிர்வாகியாகிவிட மாட்டார். பட்டத்தைக் காட்டி மறுத்தால், தன் கையில் உண்மையில் என்ன அதிகாரம் இருந்தது என்பதை வைத்தே அவர் வாதிட வேண்டும்.

பெரிய தடை, பணம் கைக்கு வரும் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. விலகியவரின் இறுதிக் கணக்கை 30 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று 2020-ல் தொழிலாளர் துறை அறிவுறுத்தியது. பதின்மூன்றாம் மாதப் பங்கும் அதில் அடக்கம். ஆனால், மடிக்கணினி, அடையாள அட்டை போன்றவற்றைத் திருப்பித் தந்து எல்லாப் பிரிவுகளிலும் ‘பாக்கி இல்லை’ என்று கையெழுத்து வாங்கி வந்தால்தான் பணம் என்பது அங்கே வழக்கம். நிறுவனத்தின் உடைமை திரும்ப வரும்வரை இறுதிக் கணக்கை நிறுத்திவைக்கலாம் என்று 2015-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில், மூடப்பட்ட ஒரு ஆலையின் தொழிலாளர்கள் குடியிருப்பைக் காலி செய்யாததைக் காட்டி நிறுத்திவைக்கப்பட்ட தொகைகளில் பதின்மூன்றாம் மாத ஊதியமும் இருந்தது. நிறுவனத்தின் பொருள் திரும்பி வர வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால், கையெழுத்துக்காக அலைந்து சலித்து, சிறிய தொகைதானே என்று விட்டுவிடுபவர்கள் குறுகிய காலம் உழைத்தவர்களே. பணக் கோரிக்கைக்கு அங்கே மூன்று ஆண்டுக் காலவரம்பு இருக்கிறது. வழக்குக்குப் போகும் முன் தொழிலாளர் துறையில் 30 நாள் சமரச முயற்சியும் உண்டு. தெரிந்தவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள், தெரியாதவர்கள் இழக்கிறார்கள்.

நம்மிடமும் இருக்கிறது

இந்தியாவில் பதின்மூன்றாம் மாதச் சட்டம் இல்லை என்று நாம் நினைக்கிறோம். நம் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். ஆண்டு ஊதியத்தில் 8.33 சதவீதம் என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது ஒரு மாத ஊதியம். பிலிப்பைன்ஸ் சூத்திரமும் நம் சூத்திரமும் ஒன்றே. 1965-ல் போனஸ் சட்டம் வந்தபோது 4 சதவீதமாக இருந்த இந்தக் குறைந்தபட்சம், எழுபதுகளின் தொடக்கத்தில் 8.33 ஆக உயர்ந்தது. மார்கோஸ் ஆணை பிறந்த அதே 1975-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், இங்கே அது மறுபடியும் 4 சதவீதத்துக்கு இறக்கப்பட்டது. ஆட்சி மாறிய பின் 1977-ல் 8.33 திரும்பி வந்தது.

பகுதி ஆண்டு உழைத்தவரை நம் சட்டமும் மறக்கவில்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், மாத ஊதியம் சட்டம் குறித்த வரம்புக்குள் உள்ள ஒருவர், கணக்காண்டில் 30 வேலை நாள்கள் உழைத்திருந்தால் போனஸுக்கு உரியவர். பழைய 1965 சட்டத்தில் அந்த வரம்பு கடைசியாக 21,000 ரூபாய். ஊதியத்துடன் கூடிய பேறுகால விடுப்பை உழைத்த நாள்களாகவே நம் சட்டம் எண்ணுகிறது. இந்த ஓரிடத்தில் நாம் பிலிப்பைன்ஸைவிட முன்னே இருக்கிறோம். வேறிடங்களில் பின்தங்கி இருக்கிறோம். கணக்கிடும் ஊதியத்துக்கு, பழைய சட்டத்தில் 7,000 ரூபாயாக இருந்த மாதத் தொகை அல்லது அந்த வேலைக்கான குறைந்தபட்ச ஊதியம், இவற்றில் எது கூடுதலோ அதுவே உச்சவரம்பு. திருட்டு, மோசடி போன்ற காரணங்களுக்காக நீக்கப்பட்டவர் போனஸை இழக்கிறார்.

உதாரணமாக, அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 14,000 ரூபாய் வாங்கும் ஒருவர் ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை ஐந்து மாதம் ஓர் ஆலையில் வேலை செய்தார் என்போம். அந்த வேலையின் குறைந்தபட்ச ஊதியம் 12,000 என்றால், ஐந்து மாதத்துக்கு 60,000. அதில் 8.33 சதவீதம் 4,998 ரூபாய். டிசம்பரில் விலகிய அவருக்கு இந்தப் பணம் எப்போது வரும்? கணக்காண்டு மார்ச் 31-ல் முடிகிறது. அதிலிருந்து எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30-க்குள் கொடுத்தால் போதும். தீபாவளிக்குக் கொடுக்கும் நம் வழக்கம் இந்த இடைவெளிக்குள்தான் அடங்குகிறது. அதற்குள் அந்தத் தொழிலாளி பத்து மாதம் முன்பே வேறு ஊருக்குப் போயிருப்பார். தீபாவளிக்கு முன் ஆலையில் வரிசையில் நிற்பவர்களுக்குப் போனஸ் கிடைக்கும். அவரைத் தேடி யாரும் போவதில்லை. சட்டம் தந்த உரிமை, தேதியின் இடைவெளியில் விழுந்து மறைந்துவிடுகிறது.

இதைச் சரிசெய்ய வழி எளிது. பிலிப்பைன்ஸில் உள்ளதுபோல், விலகும் நாளின் கணக்கு முடிப்பிலேயே குறைந்தபட்ச 8.33 சதவீதப் பங்கைச் சேர்த்துக் கொடுக்கலாம். நிறுவனத்தின் லாபத்தைப் பொறுத்து அதற்கு மேல் வர வேண்டியது இருந்தால் அதைப் பின்னர் கொடுக்கட்டும். குறைந்தபட்சத் தொகை லாப நட்டத்தைச் சார்ந்ததல்ல என்பதால், ஆண்டுக் கணக்கு முடியும்வரை அதற்காகக் காத்திருக்க நியாயமில்லை. போனஸை வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்று, பழைய போனஸ் சட்டத்தின் இடத்தில் வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. விலகியவரின் வங்கிக் கணக்கு எண் நிறுவனத்திடம் இருக்கிறது. ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை என்ற சமாதானம் இனிச் செல்லாது.

சிங்கப்பூரில் வேலை செய்யும் நம்மவர்கள் இன்னும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே பதின்மூன்றாம் மாதத் தொகை வழக்கத்தில் இருந்தாலும் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உரிமை. இடையில் விலகினால் விகிதப்படி உண்டு என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா, ஆண்டின் கடைசி நாளில் பணியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்பதைக் கையெழுத்திடும் முன்பே படிக்க வேண்டும். அப்படியொரு நிபந்தனை இருந்தால், நவம்பரில் விலகுவதா ஜனவரியில் விலகுவதா என்பது ஒரு மாத ஊதியத்தின் கேள்வி.

ஒரு மாதம் உழைத்தவரின் பங்கு, பன்னிரண்டு மாதம் உழைத்தவரின் பங்கைப் போலவே உழைத்துச் சேர்த்தது. முதலாளிகள் அதைக் கேட்காமலே கொடுக்க வேண்டும். சட்டம் இயற்றுபவர்கள் அதை விலகும் நாளோடு இணைக்க வேண்டும். அதுவரை, வேலையை விட்டு விலகும் ஒவ்வொருவரும் தம் சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு, அடிப்படை ஊதியத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, சட்டம் விதித்த உச்சவரம்பைப் பார்த்து, 8.33 சதவீதம் எவ்வளவு என்று கணக்கிட்டு, அந்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள்.